குடும்பக் குழுவில் ஒரு ப்ளஸ் டூ வாழ்த்து

ப்ளஸ் டூ முடிவு வெளியாகும் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழு நிரம்பி வழியும். பூங்கொத்துப் படம், கைகூப்பும் பொம்மை, "வாழ்த்துகள்", "சூப்பர்", "அடுத்து நீட்தானே?" என்று பத்து நிமிடத்தில் நாற்பது செய்தி வந்துவிடும். தேர்வு எழுதிய பிள்ளை அத்தனையையும் படிப்பாள். அவளோடு சேர்ந்து முப்பது சொந்தக்காரர்களும் படிப்பார்கள். அவர்களில் அதே தேர்வை எழுதிய வேறொரு பிள்ளையும் இருக்கலாம். ப்ளஸ் டூ என்றால் என்னவென்றே தெரியாமல் வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளும் இருக்கலாம். வாழ்த்துச் சொல்லப்படுவது ஒருத்திக்கு, கேட்பது ஒரு கூட்டம். குழுவில் எழுதுவதற்கும் நேரில் தோளைத் தட்டிச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெண்ணின் பெயர் கயல் என்று வைத்துக்கொள்வோம். உயிரியல் பிரிவு. தமிழ் 92, ஆங்கிலம் 84, இயற்பியல் 88, வேதியியல் 91, கணிதம் 95, உயிரியல் 90. ஆக 600-க்கு 540. அவளுடைய அத்தை மகன் அருணும் இதே ஆண்டு வணிகவியல் பிரிவில் தேர்வு எழுதியிருக்கிறான், கணக்குப்பதிவியலில் தேறவில்லை. பெரியப்பா பிள்ளைகள் சிங்கப்பூரில், மாமன் பிள்ளைகள் டொராண்டோவில், சித்தப்பா மகள் லண்டனில். எல்லாரும் ஒரே குழுவில்.

முடிவு வருவதற்கு முன்பே ஒரு தவறு நடந்துவிடும். 2025-இல் ப்ளஸ் டூ முடிவு மே 8 அன்று காலை 9 மணிக்கு வெளியானது. அப்படிப்பட்ட ஒரு காலையில் எட்டரை மணிக்கே யாராவது ஒரு மாமா, "நம்பரப் போடு கண்ணு, நான் பாத்துச் சொல்றேன்" என்று குழுவில் கேட்பார். அன்பாகத்தான் கேட்கிறார். ஆனால் பதிவெண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் முடிவுகளை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். பிறந்த தேதி சொந்தக்காரர்களுக்குத் தெரியாதா என்ன? பதிவெண்ணைக் குழுவில் போட்ட நிமிடமே, அவளுக்கு முன்னால் அவள் மதிப்பெண்ணைப் பத்துப் பேர் பார்க்க வழி திறந்தாயிற்று. பாடவாரியாக ஒவ்வொரு எண்ணும் அதில் இருக்கும். முடிவு குறைவாக வந்திருந்தால் அதை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவளிடமிருந்து போய்விடுகிறது. எனவே பதிவெண் குழுவுக்கு வரவே கூடாது. கேட்பவருக்கு, "வந்ததும் அவளே சொல்லுவா மாமா" என்ற ஒரு வரி போதும்.

பள்ளியில் கொடுத்த கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகவும் முடிவு வரும். அந்தக் கைப்பேசி பெரும்பாலும் அப்பா கையில் இருக்கும். அப்பா முதலில் கயலிடம் காட்ட வேண்டும், பிறகு அவளிடம் ஒன்று கேட்க வேண்டும்: "குழுவுல போடட்டுமா? மொத்தம் மட்டும் போடட்டுமா, பாடமெல்லாம் போடட்டுமா?" இந்தக் கேள்விக்கு அரை நிமிடம்கூட ஆகாது. பதினேழு வயதுப் பெண்ணின் மதிப்பெண் அது. எவ்வளவு தூரம் போகலாம் என்று அவள்தான் சொல்ல வேண்டும். அவள் சரி என்றாலும் மதிப்பெண் பட்டியலைப் படமெடுத்துப் போடாமல், கையால் தட்டச்சு செய்து போடுவது நல்லது. பட்டியலில் பிறந்த தேதி, பதிவெண் எல்லாம் இருக்கும். குடும்பக் குழுவில் போட்ட படம் குடும்பத்தோடு நிற்பதில்லை. மாமாவின் நடைப்பயிற்சிக் குழு வரைக்கும் போகும்.

அம்மா போடும் அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

"நம்ம கயலு ப்ளஸ் டூல 540 வாங்கியிருக்கறா. எல்லாரோட ஆசீர்வாதம். சாயந்திரம் வீட்டுல இருப்பா, கூப்பிட்டுப் பேசுங்க."

இந்த அறிவிப்பு வரும்வரை வாழ்த்து எழுதுவது கூடாது. முடிவு வந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் பார்த்ததும், "கயல் எவ்வளவு?" என்று கேட்பது, அவள் அழுதுகொண்டிருந்தால் அவளை இன்னும் மூலைக்குத் தள்ளும். ஒருமணி நேரம் கழித்தும் அறிவிப்பு வரவில்லையென்றால், அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவள் அம்மாவைத் தனியாகக் கூப்பிடலாம்.

அறிவிப்பு வந்துவிட்டது. இனி என்ன எழுதுவது? பெரும்பாலான வாழ்த்துகள் எண்ணை வாழ்த்துகின்றன. "540-ஆ! அருமை!" என்பது எண்ணுக்கான பாராட்டு. 580 வந்திருந்தால் இன்னும் பெரிதாகவும் 460 வந்திருந்தால் சற்று ஒடுங்கியும் வந்திருக்கும் என்பது படிக்கிற பெண்ணுக்குத் தெரியும். "நம்ம குடும்பப் பேரைக் காப்பாத்திட்ட" என்பது இன்னும் கனமானது. அவள் தேறியதைக் குடும்பத்துக்குக் கட்டிய கடன்போல ஆக்குகிறது அது; தேறாத பிள்ளை பேரைக் கெடுத்துவிட்டான் என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது. "கணக்குல அந்த அஞ்சு எங்கடி போச்சு?" என்பதை விளையாட்டாகத்தான் கேட்கிறோம். எழுத்தில் குரல் வராது. அந்த ஐந்து மட்டும் அவள் மனதில் தங்கும்.

நீங்கள் பார்த்த ஒன்றை எழுதுங்கள். அவள் உழைத்ததில் உங்கள் கண்ணில் பட்ட ஏதேனும் ஒன்று போதும். அவளுடைய சித்தி எழுதுவதாக ஒன்று:

"கயலு கண்ணு, அம்மா போட்டதப் பாத்தேன். ரொம்ப சந்தோஷம் சாமி. பொங்கலுக்கு நாங்க எல்லாரும் சினிமாவுக்குக் கெளம்புனப்பக் கூட நீ கெமிஸ்ட்ரி நோட்டோட திண்ணையில உக்காந்திருந்த. அது இன்னும் என் கண்ணுலயே நிக்குது. இன்னைக்கு நல்லாச் சாப்பிட்டுத் தூங்கு. – சித்தி"

இதில் அவள் பெயர் இருக்கிறது. சித்தி மட்டுமே சொல்லக்கூடிய ஒரு காட்சி இருக்கிறது. இன்றைய நாளோடு செய்தி முடிந்துவிடுகிறது. நாளைக்கு என்ன என்ற கேள்வி இல்லை. மதிப்பெண் 480-ஆக இருந்தாலும் இதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. நீங்கள் எழுதியதை அனுப்புவதற்கு முன் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: எண் மாறினால் செய்தியும் மாறுமா? மாறும் என்றால் நீங்கள் எண்ணுக்குத்தான் எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு காட்சியும் நினைவுக்கு வரவில்லையா, நீங்கள் தொலைவில் இருப்பவரா, அதையும் நேராகச் சொல்லலாம்: "நீ படிச்சதப் பக்கத்துல இருந்து பாக்கக் குடுத்து வைக்கல. அம்மாயி போன்ல சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கேன்." பொய்யான புகழ்ச்சியைவிட இது அவளுக்குப் பிடிக்கும்.

"அடுத்து என்ன?" என்ற கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று அதற்குப் பதில் கிடையாது. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம் முழுதாக நூறுக்கும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கும் எடுத்துக்கொள்ளப்பட்டு 200-க்குக் கணக்கிடப்படும். கயலுக்கு 95, 44, 45.5 சேர்ந்து 184.5. இந்த எண்ணை முடிவு வந்த ஐந்தாவது நிமிடமே யாரேனும் ஒரு அண்ணன் கணக்குப் போட்டுக் குழுவில் இட்டுவிடுவார். ஆனால் 184.5 எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவைத் தரும் என்பது மற்ற மாணவர்கள் வாங்கியதைப் பொறுத்தது. தரவரிசைப் பட்டியல் வந்து, கலந்தாய்வு சுற்றுச்சுற்றாக நடந்து முடியும்வரை யாருக்கும் தெரியாது. அதற்கு இரண்டு மூன்று மாதமாகும். நீட் எழுதியிருந்தால் அதன் முடிவு தனியாக வரும். அதனால் அன்று குழுவில் "எந்தக் காலேஜ்?" என்று கேட்டால் அவளால் "தெரியல" என்று மட்டுமே சொல்ல முடியும். முப்பது பேருக்கு முன்னால், மகிழ்ச்சியான ஒரு நாளில், அந்தச் சொல்லை ஏன் அவள் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும்?

இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான வரிக்கு வருவோம். குழுவில் யாரும் எழுதாமல் விடுவது இதைத்தான். அம்மாவின் அறிவிப்பு டொராண்டோவில் இருக்கும் பதினாறு வயது மாமன் மகனுக்கு எதையும் சொல்லவில்லை. ப்ளஸ் டூ என்பது என்ன, 540 நல்லதா கெட்டதா, பெரியவர்கள் ஏன் இத்தனை பரபரப்பாக இருக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியாது. டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோவில் பன்னிரண்டாம் வகுப்புக்கு மாகாணம் முழுவதற்கும் ஒரே பொதுத்தேர்வு கிடையாது. பள்ளியில் ஆசிரியர்களே மதிப்பெண் போடுகிறார்கள். லட்சக்கணக்கான பிள்ளைகளின் முடிவு ஒரே காலையில் ஒரே மணியில் வெளியாகும் நாள் என்ற ஒன்றையே அவன் பார்த்ததில்லை.

சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குக் குழப்பம் வேறு வகை. அங்கே தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யில் 2021 முதல் எண் குறையக் குறைய நல்லது. 4 என்பதுதான் உச்சம். அந்தக் கணக்கில் வளரும் பன்னிரண்டு வயதுப் பையனிடம் 540 என்றால் அவன் என்ன நினைப்பான்? லண்டனில் ஜிசிஎஸ்இ தேர்வுக்கு 9 என்பது உச்சத் தரம், ஏ லெவலுக்கு ஏ ஸ்டார். பல்கலைக்கழகத்தில் 70 விழுக்காடு வாங்கினாலே முதல் வகுப்பு. எனவே 540-ஐ "90 பர்சென்ட்" என்று மாற்றிச் சொல்வதும் உதவாது. லண்டன் பெண்ணுக்கு அது உலக அதிசயமாகத் தோன்றும், டொராண்டோ பையனுக்குத் தன் வகுப்பில் பார்க்கிற எண்ணாகத் தோன்றும். "உங்க ஊர் ஏ ஸ்டார் மாதிரி" என்று ஒப்பிடுவதும் சரியல்ல. இரண்டு தேர்வும் வேறு, எழுதும் முறையும் வேறு. அது தேவையில்லாமல் அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் அவைக்கு இழுத்துவிடும்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டியது, இது என்ன தேர்வு, மொத்தம் எவ்வளவு, இதற்குப் பிறகு என்ன வரும், அவர்கள் என்ன செய்யலாம் என்பது மட்டும்தான்.

"சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ பிள்ளைகளுக்கு: ப்ளஸ் டூங்கறது இங்க ஸ்கூலோட கடைசிப் பரீட்சை. ஆறு பாடம், பாடத்துக்கு நூறு, மொத்தம் அறுநூறு. 540 ரொம்ப நல்ல மார்க். எந்தக் காலேஜ்னு தெரிய ஆகஸ்ட் ஆகும், அதுவரைக்கும் கேக்க வேண்டாம். உங்களுக்கு விடிஞ்சதும் கயலுக்கு ஒரு வார்த்தை பேசி அனுப்புங்க."

"பேசி அனுப்புங்க" என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேசவும் வரும், படிக்க வராது. அவர்களுக்கு இந்த வரியை எழுத்தாக மட்டும் போட்டால் அம்மாவோ அப்பாவோ படித்துச் சொன்னால்தான் உண்டு. இதே வரியை யாராவது ஒருவர் குரல் பதிவாகவும் போட்டுவிட்டால் நேரடியாகப் போய்ச் சேரும். இருபது நொடிக்கு மேல் வேண்டாம். அதை அம்மாயி பேசினால் இன்னும் நல்லது. அந்தக் குரலைக் கேட்கத் திறக்காத பேரப்பிள்ளை இருக்காது. பதிலும் குரலாகவே வரட்டும். "கயல் அக்கா, கங்கிராட்ஸ்" என்று அரைத் தமிழில் வந்தாலும், எழுத்தில் வந்த நாற்பது வாழ்த்துக்கு நடுவே கயல் திரும்பத் திரும்பக் கேட்கப்போவது அதைத்தான்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். மே மாதத்தில் இங்கே காலை 9 மணி என்றால் சிங்கப்பூரில் பதினொன்றரை, பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். லண்டனில் விடியற்காலை நாலரை. டொராண்டோவில் முந்தின நாள் இரவு பதினொன்றரை. இந்த நேரத்தில் பெயருக்கு முன்னால் @ போட்டு அவர்களைக் குறித்துக் கூப்பிட்டால், குழுவை மியூட் செய்து வைத்திருப்பவருக்கும் மணி அடிக்கலாம். மறுநாள் அவர்களுக்கும் பள்ளி உண்டு. மணி அடிக்காமல் விட்டால் வேறொரு சிக்கல்: அவர்கள் எழுந்திருப்பதற்குள் இந்த வரி நாற்பது செய்திக்குக் கீழே புதைந்துபோயிருக்கும். அதற்கு வாட்ஸ்அப்பிலேயே வழி இருக்கிறது. அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து பின் செய்துவிட்டால் குழுவின் உச்சியில் நிற்கும். 24 மணி நேரம் என்று தேர்ந்தெடுத்தால் மறுநாள் தானே இறங்கிவிடும். அவரவர் ஊரில் விடிந்து, காலைப் பால் குடிக்கும் நேரத்தில் அது கண்ணில் படும்.

இந்த வரிக்கு ஓர் ஆபத்து உண்டு, அதை ஊரில் இருப்பவர்கள் எளிதில் உணர்வதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அழைத்து ஒரு நல்ல செய்தியைச் சொல்லி, அடுத்த செய்தியிலேயே "இனி ஃபீஸுக்குத்தான் பாக்கோணும்" என்றோ "கயலுக்கு லேப்டாப் வேணுமாம்" என்றோ யாராவது எழுதிவிட்டால் மொத்தமும் உதவி கேட்டதுபோல் ஆகிவிடும். கொடுக்க நினைக்கிற பெரியப்பாவுக்கும் சங்கடம், கேட்காமலே கேட்டவளாகிவிட்ட கயலுக்குக் கூச்சம். கட்டணம், செலவு பற்றிய பேச்சு அன்று குழுவில் வேண்டாம். பெரியப்பா ஏதாவது வாங்கித் தர விரும்பினாலும் அதைக் குழுவில் அறிவிக்காமல் கயலின் அப்பாவிடம் தனியாகச் சொல்லட்டும். பொதுவில் அறிவித்தால் மற்ற சித்தப்பா, மாமாக்களும் ஏதாவது அறிவித்தாக வேண்டிய நெருக்கடி வரும். அருண் வீட்டிலும் அதைப் படிப்பார்கள்.

அருணைப் பற்றி இதுவரை யாரும் குழுவில் கேட்கவில்லை என்று நம்புவோம். தமிழ்நாட்டில் 2017-இலேயே அரசு மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை நிறுத்திவிட்டது. குடும்பங்களில் அந்த அறிவிப்பு இன்னும் நிற்கவில்லை. "கயல் 540, நம்ம அருண் எவ்வளவு?" என்ற ஒற்றை வரி அத்தையை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். பதில் சொல்லாமல் விட்டாலும் தெரிந்துவிடும், சொன்னாலும் கயலின் மகிழ்ச்சி அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆறுதல் சொல்லவும் குழு ஏற்ற இடம் இல்லை. "பரவாயில்ல அருண், அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று முப்பது பேருக்கு முன்னால் எழுதுவது, தெரியாதவர்களுக்கும் தெரிவித்ததாக ஆகும்.

அவனைத் தனியாகக் கூப்பிட வேண்டும், அதுவும் அன்றே. முதல் பேச்சில் அறிவுரை வேண்டாம். சாப்பிட்டானா என்று கேட்டால் போதும். மறுநாள் வேலையைப் பேசலாம். தேறாத பாடத்தை அதே கோடையில் துணைத் தேர்வாக எழுதலாம், தேறினால் அந்த ஆண்டே கல்லூரியில் சேரவும் வழி உண்டு. தேர்ச்சிக்கு இரண்டொரு மதிப்பெண்தான் குறைகிறது என்றால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து, மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் விண்ணப்பிக்கும் நாள்கள் முடிவு வெளியான சில நாள்களிலேயே அறிவிக்கப்பட்டு விரைவில் முடிந்துவிடும். வீட்டில் எல்லாரும் சோர்ந்திருக்கும் நேரத்தில் தவறவிடப்படுவது அந்தத் தேதிதான். மாமா ஒருவர் பள்ளிக்குப் போய்த் தேதியை விசாரித்து, "வெள்ளிக்கிழமை கடைசி நாளு, நாம ரெண்டு பேரும் போயிட்டு வந்துருலாம்" என்று சொன்னால் அது நூறு ஆறுதலுக்குச் சமம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அவரவர் பெற்றோர் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்: அருணிடம் இன்றைக்கு மதிப்பெண் கேட்காதே, கிரிக்கெட் பேசு.

அவசரத்தில் தவறாக எதையாவது போட்டுவிட்டால் திருத்த வழி உண்டு. 540-ஐ 450 என்று தட்டிவிட்டால் 15 நிமிடத்துக்குள் அதே செய்தியைத் திருத்தலாம். பதிவெண் தெரியும் படத்தைப் போட்டுவிட்டால் எல்லாருக்கும் நீங்கும்படி அழிக்கலாம். இரண்டு நாள்வரை அந்த வசதி இருக்கும். ஆனால் அதற்குள் யாராவது அந்தப் படத்தைச் சேமித்திருந்தால் அது அவர்கள் கைப்பேசியில் இருந்துகொண்டேதான் இருக்கும். புண்படுத்தும் ஒரு வரியை எழுதிவிட்டதாகத் தோன்றினால் சத்தமில்லாமல் அழித்துவிட்டு, உரியவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். குழுவிலேயே விளக்கம் எழுதத் தொடங்கினால் அதுவரை கவனிக்காதவர்களும் என்ன ஏதென்று கேட்பார்கள்.

கயல் எல்லாருக்கும் தனித்தனியாக நன்றி எழுத வேண்டுமா? வேண்டியதில்லை. மாலையில் ஒரே செய்தி போதும். அதையும் டொராண்டோவில் விடிந்து, அந்தப் பிள்ளைகளின் குரல் வந்தபிறகு போட்டால் யாரும் விடுபட மாட்டார்கள்:

"பெரியப்பா, சித்தி, மாமா, அத்தை, அம்மாயி எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தம்பி தங்கச்சிங்க அனுப்புன வாய்ஸ் எல்லாம் கேட்டேன். நானும் பேசி அனுப்பறேன். – கயல்"